அப்பளத்தில் உப்பு பார்க்கிறேன். சிவப்பு வருகிறது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது

மாசிவீதி | மே 6, இரவு 9.10

மதுரையில் ஒரு சின்ன சோதனைக்கூடத்தில் வேலை. அப்பளம் செய்பவர்கள் மாதிரி கொண்டுவருவார்கள், உப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். மாவில் அப்பளக்காரம் இருப்பதால் குரோமேட் போட்டுப் பார்க்கும் முறை சரிப்படவில்லை. அதனால் நைட்ரிக் அமிலத்தில் சில்வர் நைட்ரேட்டை அதிகமாக விட்டு, மிச்சத்தைத் தயோசயனேட்டால் பார்க்கும் வோல்ஹார்டு முறைக்கு வந்திருக்கிறேன்.

செய்வது இதுதான். பொடித்த அப்பளம் 5 கிராம், சுடுதண்ணீரில் கலக்கி 250 மில்லியாக்கி வடித்துக்கொள்கிறேன். அதில் 50 மில்லி, அதாவது 1 கிராம் அப்பளம். நைட்ரிக் அமிலம், அப்புறம் 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் 25 மில்லி. ஃபெரிக் ஆலம் விட்டு, 0.1 மோலார் பொட்டாசியம் தயோசயனேட்டைப் பியூரெட்டிலிருந்து விடுகிறேன்.

ஒரே கரைசல், மூன்று தடவை: 14.7, 15.1, 15.5. சிவப்பு வருகிறது, குடுவையைச் சுழற்றினால் போய்விடுகிறது. இன்னொரு சொட்டு விட்டால் திரும்ப வருகிறது, திரும்பப் போகிறது. எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. தயோசயனேட் கெட்டுவிட்டதா?

கூம்புக்குடுவை | மே 6, இரவு 9.48

அக்கா, நான் பி.எஸ்சி. மூன்றாம் வருடம். எங்கள் லேபில் சொன்னது: வெள்ளை வீழ்படிவு வெள்ளி அயனியைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் சிவப்பு சீக்கிரமே வந்துவிடும். நன்றாகக் குலுக்கினால் ஒட்டியது வெளியே வரும், சிவப்பு போகும். சிவப்பு நிற்கும்வரை குலுக்கிக் குலுக்கி விட வேண்டும். நீங்கள் குலுக்குவது போதவில்லை. 15.5தான் சரியான ரீடிங்காக இருக்கும்.

மாசிவீதி | மே 7, காலை 8.05

தம்பி சொன்னபடி நேற்றே ராத்திரி யோசித்தேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. 15.5 வந்த குடுவையை மூடி வைத்து ஐந்து நிமிடம் குலுக்கினேன், மறுபடி வெளுத்துவிட்டது. 16ஐத் தாண்டியும் போயிருக்கும் போல. ஒட்டியிருந்தது வெளியே வருவதென்றால் ஒரு இடத்தில் முடிய வேண்டாமா?

பழைய லேப்காரர் | மே 7, காலை 10.30

முப்பத்தொரு வருடம் கல்லூரி லேபில் இருந்தவன். அம்மா, உங்கள் தயோசயனேட்டில் குறை இல்லை. குடுவையின் அடியில் கிடக்கும் சில்வர் குளோரைடுதான் உங்கள் தயோசயனேட்டைத் தின்கிறது.

```
AgCl + SCN⁻ ⇌ AgSCN + Cl⁻
```

சில்வர் தயோசயனேட், சில்வர் குளோரைடைவிடக் கரையாதது. கரைதிறன் பெருக்கம் ஒன்றுக்குச் சுமார் 1 × 10⁻¹², மற்றதற்கு 1.8 × 10⁻¹⁰. கரைசலில் மிஞ்சியிருந்த வெள்ளி முழுக்க முடிந்ததும், அடுத்து விழும் தயோசயனேட்டுக்கு இரும்போடு சேர்ந்து சிவப்பாக நிற்பதைவிட, அடியில் கிடக்கும் வெள்ளைத் தூளிலிருந்து வெள்ளியைப் பிடுங்கிக்கொள்வது லாபம். பிடுங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், அதனால் முதலில் சிவப்பு தெரிகிறது, குலுக்கக் குலுக்கப் போகிறது.

கூம்புக்குடுவைத் தம்பி சொன்னது தப்பான பாடம் இல்லை, வேறு பாடம். சில்வர் நைட்ரேட்டையே தயோசயனேட்டால் நேராகப் பார்க்கும்போது விழுவது சில்வர் தயோசயனேட் மட்டும். அது வெள்ளி அயனியை ஒட்டவைத்துக்கொள்வது உண்மை. அங்கே குலுக்கத்தான் வேண்டும். குளோரைடு அடியில் கிடக்கும்போது அதே குலுக்கல் கெடுதல்.

இன்னொன்று: உங்கள் மூன்று ரீடிங்கில் உண்மைக்குக் கிட்ட இருப்பது சின்னதுதான், பெரியது அல்ல. தயோசயனேட் அதிகம் போகப் போக, மிச்ச வெள்ளி அதிகம் என்று கணக்கு வரும். குளோரைடு குறைவாகக் காட்டும்.

மாசிவீதி | மே 7, மதியம் 1.20

கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார். 14.7க்கு 6.0 சதவீதம். 15.5க்கு 5.55. அரை சதவீதம் என் கை குலுக்கியதில் போயிருக்கிறது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கள்ளந்திரிக்காரர் | மே 7, மாலை 4.00

எங்கள் தோட்டத்து போர் தண்ணீர் உப்பு. மாட்டுக்கு வைக்கலாமா என்று பார்க்க இந்த முறையைச் செய்யலாமா? என்னிடம் இருக்கும் டப்பாவில் மஞ்சள் தண்ணீர் செங்கல் நிறமாகும் என்று போட்டிருக்கிறது. இங்கே சிவப்பு மறைகிறது என்கிறீர்கள். என் டப்பா தப்பா?

பழைய லேப்காரர் | மே 7, மாலை 4.35

அண்ணே, உங்கள் டப்பா சரி. அது குரோமேட் முறை. கிணற்றுத் தண்ணீர் அமிலமும் இல்லை, காரமும் பெரிதாக இல்லை, அதற்கு அதுவே போதும். உங்களுடைய செங்கல் நிறம் வெள்ளி மிஞ்சும்போது வரும். இங்கே பேசும் சிவப்பு தயோசயனேட் மிஞ்சும்போது வரும். இரண்டும் வேறு. மனிதர் குடிக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1000வரை என்று இந்தியத் தரநிர்ணயம். மாட்டுக்கான அளவை ஒரு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கூம்புக்குடுவை | மே 7, இரவு 10.15

சார், ஒரு சந்தேகம். பிடுங்குவதற்கும் ஒரு எல்லை இருக்குமே? முழு குளோரைடையும் தின்றுவிடாது அல்லவா?

பழைய லேப்காரர் | மே 8, காலை 6.50

நல்ல கேள்வி, தம்பி. இரண்டு கரைதிறன் பெருக்கத்தையும் வகுத்தால் ஏறத்தாழ 170 முதல் 180. அதாவது கரைசலில் ஒரு பங்கு தயோசயனேட் நிம்மதியாக நிற்க வேண்டுமானால், அதைப்போல 170 பங்கு குளோரைடு வெளியே வந்திருக்க வேண்டும். அதுவரை தின்னும்.

கண்ணுக்குச் சிவப்பு தெரிய எவ்வளவு தயோசயனேட் மிஞ்ச வேண்டும் என்பது இரும்பின் அளவைப் பொறுத்தது. வழக்கமாக விடும் அளவில், இரும்பு சுமார் 0.01 மோலார், தயோசயனேட் 5 × 10⁻⁶ மோலார் அளவில் மிஞ்சினால் நிறம் தெரியும். அப்படியானால் குளோரைடு 8 முதல் 9 × 10⁻⁴ மோலார்வரை வெளியே வர வேண்டும். குடுவையில் மொத்தம் 100 மில்லி என்று வையுங்கள், அது 0.08 மில்லிமோலுக்கு மேல். 0.1 மோலார் தயோசயனேட்டில் 0.8, 0.9 மில்லி! கூடுதல் சிவப்புக்காகக் காத்திருந்தால் இன்னும் மேலே போகும். மாசிவீதி அம்மாவின் 14.7, 15.1, 15.5 எல்லாம் இந்த வழுக்குப் பாதையில் வெவ்வேறு இடத்தில் நின்றவை.

நான்காம்மாடி | மே 8, காலை 9.25

இவ்வளவு யோசிக்கத் தேவையே இல்லை. மருந்துக் கம்பெனியில் க்யூசியில் இருந்தேன். நைட்ரோபென்சீன் 2 மில்லி விட்டு மூடிக் குலுக்குங்கள். வெள்ளைத் தூள் எண்ணெய் பூசிய மாதிரி உருண்டு அடியில் உட்கார்ந்துவிடும், தயோசயனேட் கிட்டவே போகாது. 1935லிருந்து இருக்கும் வழி. பத்து நிமிட வேலை.

பழைய லேப்காரர் | மே 8, காலை 10.10

வழி வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நைட்ரோபென்சீன் தோல் வழியாகவே உள்ளே போய், இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். கசப்பு வாதுமை வாசனை நன்றாகத்தான் இருக்கும், அதுதான் பயம். புகைக்கூண்டு இல்லாத சின்ன லேபில், தினம் பத்து மாதிரிக்கு, ஒரு பெண்பிள்ளையிடம் அதைக் கையாளச் சொல்ல மாட்டேன்.

நான்காம்மாடி | மே 8, காலை 10.40

சரி, டைபியூட்டைல் தாலேட் விடலாமே. அதற்குப் பதில்தான் இப்போது அதை எழுதுகிறார்கள்.

பழைய லேப்காரர் | மே 8, காலை 11.05

அதுவும் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. நைட்ரோபென்சீனைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். வடிதாள் இருக்கும்போது ஏன்? வீழ்படிவையே வெளியே எடுத்துவிட்டால் தின்ன ஆள் இல்லை.

மாசிவீதி | மே 9, இரவு 8.30

இன்று வடித்துப் பார்த்தேன். முதல் தடவை சொதப்பினேன், விவரமாக எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

சில்வர் நைட்ரேட் விட்டதும் பால் மாதிரி ஆனது. அதை அப்படியே வடிதாளில் ஊற்றினேன். வடிந்ததும் பால்தான். தாள் எதையும் பிடிக்கவில்லை. திரும்ப ஊற்றினால் அடைத்துக்கொண்டது, அரை மணி நேரம் சொட்டு சொட்டாக வந்தது.

இரண்டாம் தடவை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பால் பிரிந்தது. தயிர் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. அப்போது வடித்தால் சட்டென்று இறங்கியது. ஆனால் வீழ்படிவைக் கழுவ காய்ச்சி வடித்த நீரை ஊற்றினேன் பாருங்கள், மூன்றாம் கழுவலில் மறுபடி வடிநீர் கலங்கியது! கட்டியாக இருந்தது ஏன் திரும்பப் பாலாகிறது?

பழைய லேப்காரர் | மே 9, இரவு 9.15

வெறும் தண்ணீரால் கழுவக் கூடாது, அம்மா. அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதே சுற்றிலும் அயனிகள் இருப்பதால்தான். தண்ணீர் அதைக் கழுவி எடுத்துவிட்டால் மறுபடி தனித்தனியாகப் பிரிந்து தாளின் ஓட்டை வழியே நழுவும். நைட்ரிக் அமிலம் 1 பங்கு, தண்ணீர் 100 பங்கு. அதில் கழுவுங்கள். அமிலம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், கணக்கிலும் குறுக்கே வராது.

கழுவலைக் குறைத்தாலும் தப்பு. தாளிலும் கட்டியிலும் வெள்ளி தங்கிவிட்டால் மிச்ச வெள்ளி குறைவாக வரும், அப்போது உப்பு அதிகமாகக் காட்டும். முன்பு ஒரு பக்கம் பிழை, இப்போது மறுபக்கம்.

மாசிவீதி | மே 10, மதியம் 2.40

அமிலத்தில் கழுவினேன், கலங்கவில்லை. வடிநீர் முழுவதும் கண்ணாடி மாதிரி. ஆலம் விட்டேன். பியூரெட் திறந்தேன். சிவப்பு வரவில்லை, ஒரு மங்கல் ஆரஞ்சு மட்டும். 14.4ல் அது நிற்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியவில்லை. வீழ்படிவையும் எடுத்தாகிவிட்டது, இப்போது என்ன?

கூம்புக்குடுவை | மே 10, மதியம் 3.00

அக்கா, கொதிக்கவைத்ததை ஆறவிட்டீர்களா?

மாசிவீதி | மே 10, மதியம் 3.20

குடுவை கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. ஆறிவிட்டதாக நினைத்தேன். இப்போது வெப்பமானி வைத்துப் பார்க்கிறேன், 43 டிகிரி. அறையே 37. கத்திரி வெயில், மேல்தொட்டித் தண்ணீர் குழாயில் வெந்நீராகத்தான் வருகிறது.

பழைய லேப்காரர் | மே 10, மாலை 5.00

தம்பி சரியான இடத்தில் கை வைத்துவிட்டான். இரும்பு தயோசயனேட்டின் சிவப்பு சூட்டில் வெளுக்கும். 25 டிகிரிக்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள், மதுரை மே மாதத்தில் அது தானாக நடக்காது. ஒரு தட்டில் ஐஸ் போட்டு அதில் குடுவையை வையுங்கள். ஆலத்தையும் தயோசயனேட்டையும் அதற்கு அப்புறம்தான்.

ஜன்னல் வெயில் வீழ்படிவில் பட்டால் ஊதா ஏறும், அதையும் பாருங்கள்.

மாசிவீதி | மே 11, மாலை 6.15

பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கி வந்தேன். 22 டிகிரியில் பார்த்தேன். 14.40, 14.35, 14.40. சிவப்பு ஒரே சொட்டில் வந்தது, வந்தது நின்றது. குடுவையைப் பலமாகக் குலுக்கினேன், அசையவில்லை. கூம்புக்குடுவைத் தம்பி முதல் நாள் சொன்ன குலுக்கல் இப்போதுதான் சரியான இடத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது சில்வர் தயோசயனேட் மட்டும்.

கணக்கு: விட்ட வெள்ளி 2.500 மில்லிமோல். மிச்சம் 1.440. குளோரைடு எடுத்துக்கொண்டது 1.060. அதை 58.44ஆல் பெருக்கினால் 61.9 மில்லிகிராம் உப்பு, 1 கிராம் அப்பளத்தில். 6.2 சதவீதம். மே 6ல் 15.5ஐ நம்பியிருந்தால் 5.55 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஜெய்ஹிந்துபுரத்தான் | மே 11, இரவு 9.30

நான் அப்பளம் போடுகிறவன். கெமிஸ்ட்ரி தெரியாது, ஆனால் படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. சென்ற வருடம் ஒரே லாட்டை இரண்டு இடத்தில் கொடுத்தேன். ஒருவர் 6.3 என்றார், ஒருவர் 5.6 என்றார். வாங்குகிறவர் ஆறுக்கு மேல் வேண்டாம் என்றிருந்தார், நான் 5.6ஐக் காட்டினேன். அவர் தன் ஊரில் பார்த்து ஆறுக்கு மேல் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஏமாற்றினேன் என்று பேச்சு. உளுந்து மாவும் உப்பும் என் வீட்டம்மா தராசில் நிறுத்துப் போடுவது. அப்போது யாருக்கும் இந்தக் குலுக்கல் கதை தெரியாதா?

மாசிவீதி | மே 11, இரவு 10.05

அண்ணே, எங்கே பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று தெரியாமல் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மாவு ஈரம் மாறினாலும் சதவீதம் மாறும். ஆனால் வடிக்காமல் பார்த்தால் 6.2 இருப்பது 5.6 ஆகும் என்பதை என் கையாலேயே பார்த்துவிட்டேன்.

நான்காம்மாடி | மே 12, காலை 8.50

வடிக்கவும் வேண்டாம், நைட்ரோபென்சீனும் வேண்டாம் என்றால் இன்னொன்று உண்டு. இரும்பை அதிகமாக்குங்கள், 0.2 மோலார் வரும்படி. இரும்பு கூடினால் சிவப்பு தெரிய மிகக் கொஞ்சம் தயோசயனேட் போதும். பெரியவர் போட்ட கணக்கில் அதை வைத்துப் பாருங்கள், பிழை ஒரு சொட்டுக்குள் வந்துவிடும்.

பழைய லேப்காரர் | மே 12, காலை 9.40

இது நல்ல யோசனை, நான் விட்டுவிட்டேன். இரும்பு இருபது மடங்கு ஆனால் மிஞ்ச வேண்டிய தயோசயனேட் இருபதில் ஒன்று, தின்பதும் அதே அளவு குறையும். ஆனால் அவ்வளவு இரும்பு கரைசலையே மஞ்சளாக்கும். அமிலம் நன்றாக இருந்தால் மஞ்சள் குறையும், முழுக்கப் போகாது. மஞ்சளில் ஆரஞ்சு ஏறுவதைப் பிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

மாசிவீதி | மே 13, இரவு 7.50

செய்தேன். எனக்கு 14.45, 14.60, 14.40. என்னுடன் இருக்கும் பெண்ணுக்கு அதே கரைசலில் 14.7. பக்கத்தில் ஆலம் மட்டும் விட்ட குடுவையை வைத்து ஒப்பிட்டால் கொஞ்சம் தேவலாம். டியூப்லைட்டில் முடியவில்லை, பகல் வெளிச்சத்தில் முடிகிறது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நான்காம்மாடி, உங்கள் லேபில் இதைத் தினமும் செய்தீர்களா?

நான்காம்மாடி | மே 13, இரவு 8.30

இல்லை, நாங்கள் நைட்ரோபென்சீன்தான். இரும்பு முறையை ஒரு முறை பார்த்ததோடு சரி.

பழைய லேப்காரர் | மே 14, காலை 6.30

அம்மா, வடிப்பது நேரம் எடுக்கிறது என்றால் கழுவலையே விட்டுவிட ஒரு வழி இருக்கிறது. கொதிக்கவைத்து ஆறியதை வீழ்படிவோடு 100 மில்லி அளவுக் குடுவையில் ஊற்றுங்கள். கொதிக்கவைத்த பாத்திரத்தை அலசி அதையும் அதிலேயே சேர்த்து, குறிவரை நிரப்பிக் கலக்குங்கள். காய்ந்த வடிதாள், காய்ந்த புனல், காய்ந்த பீக்கர். முதலில் வரும் 10 மில்லியைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் வருவதில் சரியாக 50 மில்லி பிப்பெட்டில் எடுத்துப் பாருங்கள். வருவது பாதி, இரண்டால் பெருக்குங்கள். கழுவவே வேண்டாம், ஏனென்றால் முழுவதையும் பிடிக்க நீங்கள் முயலவில்லை.

ஆனால் தாள் ஈரமாக இருந்தால் இது கெட்டுவிடும். பியூரெட் பிழையும் இரண்டு மடங்காகும்.

கூம்புக்குடுவை | மே 14, காலை 7.45

சார், புரோமைடுக்கும் இத்தனை பாடா?

பழைய லேப்காரர் | மே 14, காலை 8.00

இல்லை. சில்வர் புரோமைடு, தயோசயனேட்டைவிடக் கரையாதது, அதைத் தின்ன முடியாது. வடிக்காமலே பார்க்கலாம்.

மாசிவீதி | மே 15, மாலை 5.40

100 மில்லிக் குடுவை வழியில் இன்று நான்கு மாதிரி. முதல் நாள் அப்பளமே: 7.20, 7.20. இரண்டால் பெருக்கினால் 14.40! கழுவி வந்ததும் அதேதான். இதையே வைத்துக்கொள்கிறேன்.

நான்காவது மாதிரியில் ஆலம் விட்டு முதல் சொட்டு தயோசயனேட்டிலேயே சிவப்பு வந்து நின்றது. ஒரு நிமிடம் கை நடுங்கியது, எல்லாம் கெட்டுவிட்டதோ என்று. அப்புறம்தான் உறைத்தது: வெள்ளி மிஞ்சவே இல்லை. அது பிரண்டை வடகம், உப்பு மிக அதிகம். 50 மில்லிக்குப் பதில் 20 மில்லி எடுத்து மறுபடி செய்ததும் சரியாக வந்தது. மாதிரியைக் கொண்டு வரும்போதே அப்பளமா வடகமா என்று இனி கேட்டுக்கொள்வேன்.

ஜெய்ஹிந்துபுரத்தான் | மே 15, இரவு 9.00

என் மாவில் ஒரு கட்டு கொடுத்துவிடட்டுமா, பார்த்துச் சொல்வீர்களா? இந்த முறையில்.

மாசிவீதி | மே 16, காலை 7.20

கொண்டு வாருங்கள் அண்ணே. ஈரமும் சேர்த்துப் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

நேற்று ராத்திரி பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். இந்த முறைக்கு மாறியது ஏப்ரல் நடுவில். அதிலிருந்து மே 6வரை வடிக்காமல் பார்த்தது பதினொரு மாதிரி. எவ்வளவு குலுக்கினேன் என்பது எழுதிவைக்கவில்லை, அதனால் பழைய ரீடிங்கில் ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்ய வழியில்லை. ஆனால் மாதிரியில் பாதியை மூன்று மாதம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். பதினொன்றில் ஒன்பது பொட்டலம் அலமாரியில் இருக்கிறது. இன்று ஐஸ் வாங்கிக்கொண்டு முதல் மூன்றைத் தொடங்குகிறேன். பொட்டலம் இல்லாத இரண்டு பேருக்கும் போன் செய்துவிட்டேன்.